பிளம் கேக் ஆர்டர் டிசம்பர் 20 வரை மட்டும்

டிசம்பர் பிறந்ததும் நாகர்கோவில், தூத்துக்குடி போன்ற ஊர்களின் பேக்கரிகள் ஒரு வாழ்த்துச் செய்தி வெளியிடுகின்றன. கடை வாசலில் அச்சடித்து ஒட்டுவதும் உண்டு, வாடிக்கையாளர்களின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவதும் உண்டு. நட்சத்திரம், மணி, குடில் படம். அதன் கீழே "இனிய கிறிஸ்துமஸ் நல்வாழ்த்துகள்". அதற்கும் கீழே சின்ன எழுத்தில் நாலு வரி: பிளம் கேக் ஆர்டர் டிசம்பர் 20 வரை மட்டுமே எடுக்கப்படும். அரை கிலோ, ஒரு கிலோ கிடைக்கும். ரம் சேர்த்தது, சேர்க்காதது என்று குறிப்பிட்டுச் சொல்லவும். முட்டையில்லாத கேக்குக்குத் தனியாக முன்பணம். பட்டறையின் வேலை முழுவதும் இந்த நாலு வரியில் அடங்கிக் கிடக்கிறது.

ஆர்டருக்கு முதல் வரம்பு வைப்பது பழ ஊறல். உலர்திராட்சை, கறுப்புத் திராட்சை, பேரீச்சம்பழம், சீனிப்பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல், இஞ்சி, டூட்டி ஃப்ரூட்டி, முந்திரி ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி, அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ ரம்மில் போட்டு மூடிவைப்பார்கள். டூட்டி ஃப்ரூட்டி பப்பாளிக்காயில் செய்வது. கேக்கில் தென்படும் சிவப்புச் செர்ரியும் பெரும்பாலும் நிறமேற்றிப் பாகில் போட்ட களாக்காய்தான். நல்ல செர்ரியைவிட இது விலை குறைவு என்பதோடு, சுட்ட பிறகும் இது குழைவதில்லை என்பதும் காரணம். வாரத்துக்கு ஒருமுறை டப்பாவைத் திறந்து அடிமுதல் மேல்வரை கிளறிவிட வேண்டும். இல்லாவிட்டால் மேலே கிடக்கும் பழம் காய்ந்தபடியே இருந்துவிடும்.

நூறு கிலோ ஆர்டருக்கு எவ்வளவு பழம் வேண்டும் என்பதை ஒரு ஈட்டுக் கலவையிலிருந்து கணக்கிடலாம். மைதா, வெண்ணெய், சீனி தலா ஒரு கிலோ. முட்டை இருபது, அதாவது ஓடு நீக்கிச் சுமார் ஒரு கிலோ. ஊறிய பழம் இரண்டு கிலோ. கருக்கிய சீனிப்பாகு கால் கிலோ. எல்லாம் சேர்ந்து ஆறேகால் கிலோ. சுடும்போது ஈரம் போய்ப் பத்தில் ஒரு பங்கு எடை குறையும் என்பதால், ஒரு கிலோ கேக்குக்குச் சுமார் 1,110 கிராம் மாவு ஊற்ற வேண்டும். பாத்திரத்தில் ஒட்டிய மாவு போக ஐந்து ஒரு கிலோ கேக்கும் ஓர் அரை கிலோ கேக்கும் தேறும். ஐந்தரை கிலோ கேக்குக்கு இரண்டு கிலோ பழம் என்றால், நூறு கிலோவுக்கு ஏறக்குறைய 36 கிலோ ஊறிய பழம் வேண்டும். நவம்பரில் போட்ட டப்பாவில் இருப்பது அவ்வளவுதான் என்றால், அதற்குமேல் ஆர்டர் எடுக்க வழியில்லை. மைதாவும் வெண்ணெயும் அன்றைக்கே கடையில் வாங்கலாம். ஒன்றரை மாதம் ஊறிய பழத்தை எங்கும் வாங்க முடியாது.

குறுக்கு வழி ஒன்று உண்டு. பழத்தைச் சாற்றிலும் சீனியிலும் கொதிக்கவைத்து மறுநாளே மாவில் கலப்பது. வெட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்: திராட்சை உப்பி மினுமினுப்பாக இருக்கும், கடித்தால் நடுவில் சவ்வாக இழுக்கும். மணம் பழத்தில் மட்டும் நிற்கும், கேக்குக்குள் இறங்கியிருக்காது.

ரம் பற்றிய வரிக்குப் பழைய கதை ஒன்று உண்டு. தலச்சேரியில் மம்பள்ளி பாபு என்பவர் 1880-ல் ராயல் பிஸ்கட் பாக்டரியைத் தொடங்கினார். 1883-ல் மர்டாக் பிரவுன் என்ற பிரிட்டிஷ் தோட்ட முதலாளி இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த பிளம் கேக்கைக் காட்டி, அதே போலச் செய்துதரச் சொன்னாராம். மாஹியிலிருந்து பிரெஞ்சு பிராந்தி வாங்கிச் சேர்க்கும்படி அவர் சொல்ல, பாபு உள்ளூர்ச் சாராயத்தையே சேர்த்தார் என்று அந்தக் குடும்பத்தார் சொல்லிவருகிறார்கள். மதுவுக்கு இதில் வாசனை கூட்டுவதைவிடப் பெரிய வேலை உண்டு. ரம்மில் ஊறிய பழம் மாதக்கணக்கில் வெளியில் இருந்தாலும் கெடாது. ரம் வேண்டாதவர்களுக்காகத் திராட்சைச் சாற்றில் ஊறவைப்பதைக் குளிர்பதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும், அதுவும் சில நாட்களுக்குத்தான். மறந்து வெளியில் வைத்தால் மூடியைத் திறக்கும்போதே நுரைத்துப் புளித்த வாடை அடிக்கும். அதனால் ரம் சேர்க்காத கேக்கின் எண்ணிக்கை கடைக்காரருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டியிருக்கிறது.

கேக்கின் கறுப்பு நிறம் சீனிப்பாகில் இருந்து வருகிறது. பட்டறையில் கை நடுங்கும் வேலையும் அதுதான். கனத்த சட்டியில் தண்ணீரில்லாமல் சீனியை உருக்கி, பொன்னிறம் தாண்டி, அடர் காப்பி நிறம் வந்து மெல்லிய புகை எழும்பும் நேரத்தில் கொதிநீரை ஊற்ற வேண்டும். குளிர்ந்த நீர் ஊற்றினால் பாகு சீறித் தெறித்துக் கையைப் பொசுக்கும். ஒரு நிமிடம் பிந்தினால் கசப்பு ஏறிவிடும். பிறகு எவ்வளவு சீனி போட்டாலும் அந்தக் கசப்பு போகாது. முந்தி இறக்கினாலோ கேக் வெளிறிப்போகும். அனுபவப்பட்ட மாஸ்டர்கள் நிறத்தைவிடப் புகையின் வாடையைத்தான் நம்புகிறார்கள்.

வெண்ணெயையும் சீனியையும் வெளுக்கும்வரை அடித்து, முட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பார்கள். குளிர்ந்த முட்டையை ஒரேயடியாக ஊற்றினால் கலவை திரிந்துபோகும். பழத்தை வடிகட்டி, ஒரு பிடி மைதாவில் பிரட்டிக் கடைசியில் போடுவார்கள். ஆனால் பழம் அடியில் தங்காமல் காப்பது இந்தப் பிரட்டல் மட்டுமல்ல, மாவின் கெட்டித்தன்மையும்தான். மாவு நீர்த்துவிட்டால் எவ்வளவு பிரட்டினாலும் பழம் கீழே இறங்கிவிடும்.

விறகு வைத்த செங்கல் அடுப்புள்ள பேக்கரியில் வரிசை ஒன்று உண்டு. நெருப்பை வாரி வெளியே தள்ளியதும் முதல் சூட்டில் ரொட்டியும் பன்னும், சூடு தணிந்த பிறகு சாதா கேக், எல்லாவற்றுக்கும் கடைசியில் பிளம் கேக். அதற்கு 150 டிகிரி செல்சியஸ் ஒட்டிய சூட்டில் ஒன்றரை மணி நேரமோ அதற்குச் சற்று மேலோ வேண்டும். சூடு மிஞ்சினால் மேல்பக்கம் முதலில் இறுகி, பிறகு உள்ளிருந்து பொங்கும் மாவு அதைப் பிளந்துகொண்டு வரும். வெடித்த கேக் தோற்றத்திலேயே அடுப்பின் குற்றத்தைச் சொல்லிவிடும். நடுவில் ஈர்க்குச்சி குத்தி, மாவு ஒட்டாமல் வந்தால் இறக்கலாம். குச்சியில் ஒட்டியது பழத்தின் பிசுக்கா பச்சை மாவா என்று பார்ப்பதற்கும் பழக்கம் வேண்டும்.

முட்டையில்லாத கேக்கில் தயிரோ கெட்டிப்பாலோ சோடா உப்போடு சேர்ந்து முட்டையின் வேலையைச் செய்கிறது. தயிரின் புளிப்புப் பட்டதும் சோடா பொங்கத் தொடங்கிவிடும் என்பதால், கலந்த மாவைக் காத்திருக்க வைக்கக் கூடாது. முட்டையின் பிடிப்பு இல்லாததால் துண்டு எளிதில் உதிரும். ஈரம் கூடுதல் என்பதால் சீக்கிரம் கெடும். பாத்திரமும் தனி, அடுப்பில் ஏற்றும் நேரமும் தனி. செய்து வைத்து விற்க முடியாத சரக்குக்கு முன்பணம் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

அடுப்பிலிருந்து இறக்கிய கேக்கை உடனே விற்பதில்லை. முழுக்க ஆறுவதற்கே ஓர் இரவு பிடிக்கும். இளஞ்சூட்டோடு பிளாஸ்டிக் தாளில் சுற்றினால் உள்ளே நீர் முத்து முத்தாகக் கோத்து, நாலைந்து நாளில் பூஞ்சை பூக்கும். புகார் வரும் கேக்குகளில் பெரும்பாலானவை அவசரத்தில் சுற்றியவையே. ஆறியபின் சுற்றி இரண்டு மூன்று நாள் வைத்தால் பழத்தின் ஈரமும் மணமும் கேக்குக்குள் பரவி, வெட்டும்போது துண்டு உதிராமல் நிற்கும். 20-ம் தேதி ஆர்டர் முடிந்தால் 21-ம் தேதி சுட்டு, 24-ம் தேதி மாலை கொடுக்கலாம். நள்ளிரவு ஆராதனைக்கு முன்னால் கேக் வாங்க வருவோரின் கூட்டம் அன்று மாலைதான் மொய்க்கும். பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்க அரை கிலோப் பெட்டிகள் அடுக்கடுக்காகப் போகும். பில்லோடு கடைக்காரர் சொல்லி அனுப்புவதும் ஒன்று உண்டு: பிரிட்ஜில் வைக்க வேண்டாம், வெண்ணெய் இறுகிக் கேக் கட்டியாகிவிடும், காற்றுப் புகாத டப்பாவில் வெளியிலேயே வைத்து, பல் வைத்த கத்தியால் அறுங்கள்.