மச்சம் யாருடையது?

இரட்டைப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இதில் பெரியவள் யார்?" என்பதுதான். பதிலைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு அடுத்த நிமிடமே மறந்துவிடுவார்கள். படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவும் அப்படிப்பட்ட விருந்தாளிதான்.

என் தங்கைக்கு இரட்டைப் பெண்கள். ஒருத்தி கோவையில், இன்னொருத்தி சிங்கப்பூரில். இருவரும் பட்டுப்புடவையில் சேர்ந்து நிற்கிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்றாள் தங்கை. இருவர் புகைப்படங்களையும் மாதிரியாகக் கொடுத்துக் கேட்டதும் அழகான படம் வந்தது. ஆனால் மூத்தவளின் இடக் கன்னத்து மச்சம் இருவர் கன்னத்திலும் இருந்தது. இளையவளின் வலப் புருவத்தை வெட்டிச் செல்லும் தழும்பைக் காணோம். முகவாய் இருவருக்கும் நடுவாந்தரம். தங்கை பெறாத மூன்றாவது மகள் ஒருத்தி, இரண்டு முறை நின்றுகொண்டிருந்தாள்.

இதற்குக் காரணம் உண்டு. இத்தகைய மென்பொருள்கள் பலவும் மாதிரி முகத்தை எண்களின் ஒரு வரிசையாகச் சுருக்கிக்கொள்கின்றன. கண்களுக்கு இடையே உள்ள தூரம், மூக்கின் வடிவம் போன்ற பெரிய சங்கதிகள் அதில் தங்கும். மச்சமும் தழும்பும் பெரும்பாலும் நழுவிவிடும். ஒரே கருவில் பிறந்த இரட்டையருக்கு அந்தப் பெரிய சங்கதிகள் ஏறக்குறைய ஒன்றுதான். போதாததற்கு, இருவரையும் ஒரே சமயத்தில் வரையும்போது ஒருத்தியின் அடையாளம் மற்றவள் முகத்துக்குள் கசிகிறது. அதனால் எஞ்சிய வித்தியாசத்தை நாம்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

வேலை மாதிரிப் படத்திலேயே தொடங்குகிறது. இருவரும் சேர்ந்திருக்கும் படம் வேண்டாம். ஆளுக்குத் தனிப்படம், ஒரே வயதில், ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் எடுத்ததாக இருக்கட்டும். செல்ஃபி என்றால் ஜாக்கிரதை. பல போன்கள் அதைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றிச் சேமிக்கின்றன. இளையவள் அனுப்பிய செல்ஃபியில் வலது மூக்கில் இருக்கவேண்டிய மூக்குத்தி இடது மூக்கில் இருந்தது. அப்படியானால் புருவத் தழும்பும் இடம் மாறித்தான் இருக்கும். சட்டையில் எழுத்து இருந்தால் அது இடவலமாகத் திரும்பியிருக்கிறதா என்று பார்த்தும் இதைக் கண்டுபிடிக்கலாம். இரட்டையரில் சிலர் ஒருவருக்கொருவர் கண்ணாடிப் பிம்பம் போலவே இருப்பார்கள். அவர்கள் விஷயத்தில் திரும்பிய படம் ஒருத்தியை மற்றவளாகவே ஆக்கிவிடும்.

அடுத்து, இருவரையும் ஒரே மூச்சில் முடிக்க முயலாதீர்கள். முதலில் நிற்கும் விதம், வெளிச்சம், புடவை இவற்றுக்காக மட்டும் ஒரு படம். புடவைகள் வெவ்வேறு நிறத்தில் இருக்கட்டும், மூத்தவளுக்கு மாம்பழ மஞ்சள், இளையவளுக்குக் கரும்பச்சை என்று. முகங்கள் தப்பாக வந்தாலும் அப்போதைக்குப் பரவாயில்லை. பிறகு இடப்பக்கம் நிற்பவளின் முகத்தை மட்டும் மறைத்துக் குறித்து, மூத்தவளின் மாதிரியை மட்டும் கொடுத்து, அந்த இடத்தை மட்டும் திரும்ப வரையச் சொல்ல வேண்டும். இளையவளின் படம் அப்போது உள்ளேயே இருக்கக் கூடாது. அவள் முறை வரும்போது மூத்தவளுடையதை எடுத்துவிடுங்கள். மாற்றத்தின் அளவைப் பாதி அளவில் வைத்துத் தொடங்குவது நல்லது. குறைத்தால் பழைய கலப்பு முகம் அப்படியே கிடக்கும். கூட்டினால் தலை சாய்ந்திருக்கும் கோணமே மாறி, கழுத்தோடு ஒட்டாது. முகம் படத்தில் கட்டைவிரல் நகம் அளவு இருந்தால் தழும்புக்கு இடமே இராது. அந்தப் பகுதியைப் பெரிதாக்கி வரைந்து, பிறகு சுருக்கிப் பொருத்த வேண்டும்.

சொல்லிலும் கவனம் தேவை. "இடக் கன்னம்" என்றால் அவளுடைய இடமா, பார்க்கிறவரின் இடமா என்பதில் மென்பொருள் அடிக்கடி தடுமாறும். மச்சம் எந்தப் பக்கம் வந்தது என்று ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்ப்பதுதான் வழி. அழுத்திச் சொன்னால் மச்சத்தை மிளகு அளவுக்கு ஊதிவிடும். அதுவும் அவள் அல்ல.

பலர் புடவை நிறத்தையும் மூக்குக்கண்ணாடியையும் வைத்து ஆளைப் பிரித்துவிட்டதாகத் திருப்தி அடைகிறார்கள். அது உடையைப் பிரித்தது, அவ்வளவுதான். இரண்டு முகங்களையும் மட்டும் வெட்டி, ஒரே அளவாக்கி, புடவை தெரியாமல், அவர்களை நன்றாகத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். தங்கை முதல் படத்தைப் பார்த்து, "அண்ணா, இது யாரு?" என்றாள். திருத்திய படத்தில் யோசிக்காமல் இருவர் பெயரையும் சொன்னாள். ஆனால் மூத்தவளின் சிரிப்பு அவளுடையது இல்லை என்றும் சொன்னாள். அது நியாயமான குறை. அசைவில் தெரிகிற வித்தியாசம் ஒரு புகைப்பட மாதிரியிலிருந்து வராது.

படத்தை வெளியே அனுப்புமுன் இருவரிடமும் தனித்தனியே சம்மதம் கேளுங்கள். கீழே கணினியில் உருவாக்கிய படம் என்று எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் பேரன் பேத்திகள் அந்த நாளில் இருவரும் சேர்ந்து நின்றதாகவே நம்புவார்கள்.