இரண்டு பொம்மைவெளி

எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள சிறு நூலகத்துக்கு அங்கத்தவர் விவரங்களைக் கணினியில் ஒழுங்குபடுத்திக் கொடுப்பதென்று சென்ற விடுமுறையில் ஒப்புக்கொண்டேன். உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கிறேன் என்ற துணிச்சல்தான் காரணம். பைதன் மொழியில் 286 வரிகளில் ஒரு செய்நிரல் எழுதினேன். அது இரண்டு பைல்களை வாசிக்கும். ஒன்று பழைய அங்கத்தவர் 214 பேரின் பட்டியல். மற்றது புதியவர் 198 பேருடையது. எந்தப் பகுதியிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று கடைசியில் ஓர் அட்டவணை அச்சாகும். அந்த அட்டவணை இப்படி வந்தது:

```
பொம்மைவெளி 61
சோனகத் தெரு 88
ஐந்து சந்தி 47
பொம்மைவெளி 34
சோனகத் தெரு 52
நாவாந்துறை 29
```

இதற்குக் கீழே வேறு ஊர்களும் இருந்தன. ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒரு பொம்மைவெளிதான் இருக்கிறது.

சொல்லுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டியிருக்கும் என்று முதலில் நினைத்தேன். இரு முனையிலும் உள்ள இடைவெளியை வெட்டும் `strip()` என்ற கட்டளை ஏற்கெனவே செய்நிரலில் இருந்தது. அதை இன்னும் மூன்று இடங்களில் போட்டேன். பலனில்லை. கணக்குப் பார்க்கும் பகுதியை இரண்டு முறை அழித்து எழுதினேன். இரவு பதினொரு மணிவரை 286 வரிகளையும் மேலும் கீழுமாக வாசித்ததுதான் மிச்சம்.

அடுத்த நாள் ரீச்சருக்குத் தொலைபேசியில் சொன்னேன். “முழுச் செய்நிரலையும் எனக்கு அனுப்ப வேண்டாம். பிழை போகாமல் எவ்வளவு சிறிதாக்க முடியுமோ அவ்வளவு சிறிதாக்கி அனுப்புங்கோ” என்றார். அவருக்கு வாசிக்க நேரமில்லை என்றே நினைத்தேன்.

கோப்புறையை அப்படியே பிரதி எடுத்து, பிரதியில் வெட்டத் தொடங்கினேன். ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் ஓட்டிப் பார்ப்பேன். பிழை இன்னும் தெரிந்தால் வெட்டியது குற்றமற்றது, அதை மறந்துவிடலாம். பிழை மறைந்தால் வெட்டியதைத் திரும்ப வைக்க வேண்டும். இரவல் தேதிகளைக் கணக்கிடும் பகுதி போனது, தண்டப்பணம் போனது, அட்டவணையை அழகாக அச்சிடும் அறுபது வரிகள் போயின. இரண்டு பொம்மைவெளியும் அசையாமல் நின்றன.

இதிலே ஒரு இடத்தில் சறுக்கினேன். வெட்டுகிற உற்சாகத்தில் `strip()` எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன். அட்டவணையில் ஊர் இரட்டிப்பது தொடர்ந்ததால் அந்த வெட்டும் சரியென்று மேலே போகப் பார்த்தேன். உற்றுப் பார்த்தால் இப்போது ஐந்து சந்தியும் இரண்டாகியிருந்தது. அது வேறு வழு. நானே உண்டாக்கியது, முகச்சாயல் மட்டும் ஒன்று. அப்படியே தொடர்ந்திருந்தால் பிழையான பிழையைத்தான் பிடித்திருப்பேன். எனவே ஒரு நிபந்தனையைத் தாளில் எழுதி வைத்தேன்: ‘பொம்மைவெளி இரண்டாக வேண்டும், ஐந்து சந்தி இரண்டாகக் கூடாது.’ இதன் பிறகு எந்த வெட்டுக்கும் இதுதான் சோதனை.

செய்நிரல் பதினைந்து வரிக்கு இறங்கியதும் தரவுக்கு வந்தேன். பழைய பட்டியலை எடுத்துவிட்டேன். பிழை மறைந்தது. பழைய பட்டியலில்தான் கோளாறு என்று மகிழ்ந்து, அதைத் திரும்ப வைத்துப் புதியதை எடுத்தேன். அப்போதும் மறைந்தது! எந்தப் பட்டியலிலும் தனியே பிழை இல்லை.

வாப்பா வயரிங் வேலை செய்பவர். தேநீர் குடித்துக்கொண்டே நான் புலம்புவதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “மகள், சில வீட்டில ட்ரிப் சுவிட்ச் அப்படித்தான் விழும். பிரிட்ஜில கொஞ்சம் கசிவு, அயன்ல கொஞ்சம் கசிவு. தனியத் தனியப் போட்டா நிக்கும். ரெண்டையும் சேர்த்துப் போட்டாத்தான் விழும்.” அதாவது, பிழை ஒரு பட்டியலுக்குள் இல்லை; இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. ஆகவே இரண்டையும் வைத்துக்கொண்டே இரண்டையும் குறைக்க வேண்டும்.

ஜேர்மனியில் அன்ட்ரியாஸ் செல்லர், ரால்ஃப் ஹில்டபிராண்ட் என்ற இருவர் இந்த வெட்டும் வேலையைக் கணினியே செய்யும்படி ஒரு முறையை வகுத்து 2002இல் வெளியிட்டார்கள் என்று பின்னர் அறிந்தேன். பாதியாக வெட்டு, இரு பாதியிலும் பிழை காணாவிட்டால் தரவை நான்காகப் பிரித்து, ஒரு கால்பங்கை மட்டும் நீக்கிப் பார், அதுவும் சரிவராவிட்டால் எட்டாகப் பிரி. மொசில்லா உலாவியை நிலைகுலையச் செய்த 896 வரி வலைப்பக்கம் ஒன்றை இப்படியே ஒரு வரிக்குக் கொண்டுவந்தார்களாம். நான் கையால் செய்தேன். அஸர் தொழுகைக்கு முன் ஒவ்வொரு பட்டியலிலும் ஒரே ஓர் ஆள் மிஞ்சினார். பெயரையும் எண்ணையும் அழித்தேன். ஊர் மட்டும் நின்றது.

பிறகு அந்தச் சொல்லையே வெட்டினேன். ‘வெளி’யை எடுத்தேன், பிழை இருந்தது. ‘ம்மை’யை எடுத்தேன், அப்போதும் இருந்தது. எஞ்சியவை இரண்டு ‘பொ’. திரையில் ஒன்றுபோல் இருந்த அவற்றைப் பைதன் வேறு வேறு என்றது. இவ்வளவு சிறிதான பின் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான் மிஞ்சியது: இந்த எழுத்துக்குள் என்ன இருக்கிறது? `ascii()` என்ற கட்டளை அதைக் காட்டிவிட்டது. அதைக் கொண்டு ரீச்சருக்கு அனுப்ப எழுதியது மூன்றே வரி:

```python
a = "\u0baa\u0bca"
b = "\u0baa\u0bc6\u0bbe"
print(a, b, a == b)
```

இதை ஓட்டினால் `பொ பொ False` என்று வரும். முதலாவதில் ‘ப’வுக்குப் பின் ‘ொ’ என்ற ஒரே குறி. இரண்டாவதில் ‘ெ’ தனி, ‘ா’ தனி. யூனிகோட் இரண்டையும் சமமானவை என்றே ஏற்கிறது, திரையிலும் ஒரே வடிவம்தான். ஆனால் பைதன் குறியீட்டெண்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறது.

காரணம் பழைய பட்டியலின் கதையில் இருந்தது. அது பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டது. பாமினியில் பொம்மைவெளி என்று எழுத `nghk;ikntsp` என்று தட்ட வேண்டும். அதில் `n` கொம்பு, `g` ப, `h` கால். யாரோ அதை யூனிகோட்டுக்கு மாற்றியபோது மாற்றிச் செய்நிரல் கொம்பை ‘ப’வுக்குப் பின்னால் நகர்த்தி வைத்ததே தவிர காலோடு ஒன்றாக இணைக்கவில்லை. புதிய பட்டியல் கைபேசியில் தட்டியது. அதில் இணைந்த குறி. சோனகத் தெருவின் ‘சோ’வுக்கும் இதே கதி. ஐந்து சந்தியிலும் நாவாந்துறையிலும் கொம்பும் காலும் சேரும் எழுத்து இல்லை, ஆகவே அவை தப்பின. முதல் நாளே அட்டவணை இதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நான்தான் வரிகளைப் பார்த்தேன், எழுத்துகளைப் பார்க்கவில்லை.

மூன்று வரியை ரீச்சருக்கு அனுப்பவே தேவைப்படவில்லை. பைலை வாசிக்கும் இடத்தில் `unicodedata.normalize("NFC", s)` என்று ஒரு வரி சேர்த்தேன். பிரிந்து கிடந்த குறிகள் இணைந்து, பொம்மைவெளி 95 என்று ஒன்றாயிற்று.

ஒரு கிழமை கழித்து நூலகப் பொறுப்பாளர் அழைத்தார். ‘மௌலவி’ என்று தேடினால் சிலருடைய பெயர் வரவில்லையாம். இம்முறை நேரே இரண்டு எழுத்துக்கு வெட்டினேன். சில வரிகளில் ‘ௌ’ என்ற குறிக்குப் பதிலாக, கொம்பு போட்டு ‘ள’ என்ற எழுத்தையே தட்டியிருந்தார்கள்: ‘மெளலவி’. இவை கண்ணுக்குத்தான் ஒன்று. யூனிகோட்டின் கணக்கில் சமமானவை அல்ல, ஆகவே அந்த ஒரு வரி இங்கே உதவாது. ‘ெள’ வருமிடமெல்லாம் மாற்றிவிடவும் முடியாது. ‘வெள்ளி’யும் ‘தெளிவு’ம் கெட்டுப்போகும். ராத்தா வாசிக்க வாசிக்க, ஏழு பெயர்களை நான் கையாலேயே திருத்தினேன்.