கண்ணை அசைக்கும் சூத்திரம்

மண்டை நரம்புகள் பன்னிரண்டையும் வரிசையாகச் சொல்ல மருத்துவ மாணவர்களிடம் ஒரு பழைய ஆங்கில வாக்கியம் உண்டு. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் ஒரு நரம்பு. எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை கிடையாது. முதல் மூன்றுமே ‘ஓ’தான். முகர்வது எது, பார்ப்பது எது, கண்ணை அசைப்பது எது என்று அது சொல்வதில்லை.

உடற்கூறியல் வாய்மொழித் தேர்வில் என்னைக் கரைசேர்த்தது வேறொன்று: எல்.ஆர்.6, எஸ்.ஓ.4. பார்வைக்கு ஏதோ சல்பேட். கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் லேட்டரல் ரெக்டஸ் தசைக்கு ஆறாவது நரம்பு. சுப்பீரியர் ஆப்ளிக்குக்கு நான்காவது. விழியை அசைக்கும் மற்ற நான்கு தசைகளுக்கும் மூன்றாவது.

“வலது கண் வெளியே திரும்பவில்லை. எந்த நரம்பு?” என்றார் தேர்வாளர்.

“ஆறு, சார்.”

“மாடிப்படி இறங்கும்போது படி இரண்டாகத் தெரிகிறது?”

மூக்கை ஒட்டிக் கீழே பார்க்க உதவுவது சுப்பீரியர் ஆப்ளிக். “நான்கு.”

“இமை தொங்குகிறது?”

சூத்திரத்தில் இமை இல்லை. அதற்குத் தனிக் கணக்கு: தூக்குவது 3, மூடுவது 7. ஏழு என்ற எண்ணே இமையைக் கீழே இழுக்கும் கொக்கி மாதிரி இருக்கும். ஆனால் இமை தொங்கினாலே மூன்று என்று சொல்லிவிட முடியாது. “பாப்பாவைப் பார்ப்பேன், சார். விரிந்திருந்தால் மூன்று. சுருங்கியிருந்தால் மண்டை நரம்பே இல்லை, சிம்பதெடிக்.”

அவர் அடுத்த எலும்பை எடுத்தார்.