வாடகை ஏறினால் சம்பளம் ஏறுமா?

எனக்கு 25 வயது இருக்கும்போது ஒரு பத்திரிகையில் வேலை. சம்பள உயர்வு கேட்டு ஆசிரியர் அறைக்குள் போனேன். ‘‘வீட்டு வாடகையை ஏத்திட்டாங்க சார்’’ என்று ஆரம்பித்தேன். அவர் நிமிர்ந்து பார்த்து, ‘‘உன் வீட்டுக்காரர் வாடகையை ஏத்தினா, நான் எதுக்குய்யா சம்பளத்தை ஏத்தணும்?’’ என்றார். பதில் சொல்லத் தெரியாமல் வெளியே வந்தேன். பி.காம். படித்தவன் நான். செலவுப் பக்கத்தை மட்டும் காட்டி வரவு கேட்டிருக்கிறேன்!

போன பிப்ரவரியில் அக்கா பையன் அதே தப்பைச் செய்யக் கிளம்பினான். கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வசூல் பிரிவில் இருக்கிறான். சம்பளம் 28 ஆயிரம். ‘‘ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் உழைக்கிறேன் மாமா. அதைச் சொல்லிக் கேக்கப் போறேன்.’’

‘‘ஒன்பது மணி வரைக்கும் இருந்ததால கம்பெனிக்கு என்னடா வந்துச்சு?’’

யோசித்தான். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. முன்பெல்லாம் பில்லுக்குக் கெடு தாண்டிய பிறகுதான் பார்ட்டிக்குப் போன் செய்வார்கள். ‘ரெண்டு பெட்டி குறையுது, ரேட் தப்பா போட்டிருக்கீங்க’ என்று அப்போதுதான் அங்கே தகராறு கிளம்பும். இவன் சரக்கு போய்ச் சேர்ந்த ஒரு வாரத்திலேயே போன் செய்து அந்தச் சிக்கலை முடித்துவிட ஆரம்பித்தான். கெடு தேதி வரும்போது, பணம் தராமலிருக்கச் சாக்கு இல்லை.

பேப்பரை எடுக்கச் சொன்னேன். மாதம் 60 லட்சம் கடன் விற்பனை. அதாவது நாளொன்றுக்கு 2 லட்சம். முன்பு பணம் வரச் சராசரியாக 62 நாள். இப்போது 47. பதினைந்து நாள் மிச்சம் என்றால், வெளியே மாட்டிக்கிடந்த 30 லட்சம் உள்ளே வந்திருக்கிறது. விற்பனை குறைந்தாலும் பாக்கி குறையும் என்பதால் அதையும் பார்த்தோம். இரண்டு வருடமும் விற்பனை ஒன்றுதான். அவன் முறையை மாற்றிய மாதம் வரை நாள் கணக்கு அசையவே இல்லை. அதற்குப் பிறகுதான் இறங்கியிருக்கிறது.

‘‘30 லட்சம் நான் கொண்டுவந்தேன்னு சொல்லிடவா மாமா?’’

சொல்லக் கூடாது. முதல் காரணம், அது லாபம் இல்லை, எப்படியும் வரவேண்டிய பணம். கம்பெனிக்கு மிச்சம் அதன் வட்டிதான். இரண்டாவது, அதில் 8 லட்சம் மானேஜரே நேரில் போய் வசூலித்த பழைய பாக்கி. அதையும் சேர்த்துச் சொன்னால் அவர் அந்த ஒன்றைப் பிடித்துக்கொள்வார். மீதிக் கணக்கையும் நம்ப மாட்டார். ஆகவே கழி. 22 லட்சம்.

கம்பெனி பேங்கில் சி.சி. அக்கவுன்ட் வைத்து 11 சதவீத வட்டி கட்டுகிறது. 22 லட்சத்துக்கு வருடம் 2,42,000 ரூபாய். சீக்கிரம் பணம் கட்டிய சில பார்ட்டிகளுக்கு இவன் வாங்கிக்கொடுத்த டிஸ்கவுன்ட் 42 ஆயிரம். அதையும் கழி. சுத்தமாக நிற்பது 2 லட்சம். (கடனே வாங்காத கம்பெனியாக இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அந்தப் பணத்துக்கு டெபாசிட்டில் என்ன வட்டி வருமோ, அதுதான் மிச்சம்.)

கேட்டது மாதம் 6,000. வருடத்துக்கு 72 ஆயிரம், பி.எஃப். சேர்த்தால் இன்னும் கொஞ்சம். மிச்சத்தில் பாதிகூட இல்லை.

இதெல்லாம் ஒரே பக்கம். ஏன் தெரியுமா? உங்கள் மானேஜர் தானாக முடிவு செய்ய முடியாது. அவர் முதலாளியிடம் போக வேண்டும். அந்த அறையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள், அந்தப் பேப்பர்தான் பேசும். ஏப்ரல் சம்பளப் பட்டியல் தயாரான பிறகு போனால் அதற்கும் வழியில்லை. பிப்ரவரியிலேயே கொடுக்கச் சொன்னேன்.

மானேஜர் படித்தவுடன் கேட்ட முதல் கேள்வி, ‘‘அந்த 8 லட்சம் நான் வசூல் பண்ணதாச்சே?’’

‘‘கழிச்சிட்டேன் சார். ரெண்டாவது வரியில இருக்கு.’’

அதற்குப் பிறகு அவர் கணக்கைப் பற்றி எதுவும் கேட்கவில்லையாம். ‘‘எவ்வளவு எதிர்பார்க்கிறே?’’ என்றுதான் கேட்டிருக்கிறார்.

கிடைத்தது 6,000 அல்ல, 4,500. அவன் முகம் தொங்கிப்போனாலும் ஒரு காரியம் உருப்படியாகச் செய்தான். ‘‘மீதி 1,500-க்கு அக்டோபர் வரைக்கும் நான் என்ன காட்டணும் சார்?’’ என்று கேட்டான். ‘‘47 நாள் ஏறாம பாத்துக்கோ’’ என்றார் அவர். அன்று மாலையே அதை ஒரு மெயிலாக எழுதி அவருக்கே அனுப்பிவிட்டான்.

உங்களுக்கு வசூல் வேலை இல்லாமல் இருக்கலாம். ஸ்டோரில் இருந்தால் வீணான சரக்கு, சர்வீஸில் இருந்தால் திரும்பி வந்த புகார் என்று உங்கள் மேஜையிலும் ஒரு 62 இருக்கும். அதை இன்றைக்கே ஒரு நோட்டில், தேதி போட்டு எழுதி வையுங்கள். 62 எழுதப்படாமல் போயிருந்தால், 47-க்கு மதிப்பே இல்லை.

வாடகை ரசீது வீட்டிலேயே இருக்கட்டும்.