வலமிருந்து இடமாக

1964 இல் பெய்ரூத்திலே சுப்பர்மான் கதைகள் அரபு மொழியில் வெளிவரத் தொடங்கியபோது, கிளார்க் கென்ற் நபீல் பௌசி ஆனார். பெயரை மாற்றுதல் எளிது. பக்கத்தை மாற்றுதல் அவ்வாறன்று என்பதைப் பின்னொருகால் நானே அறிந்துகொண்டேன்.

சித்திரக்கதைப் பக்கமொன்றை அரபில் பெயர்த்து, கட்டங்களை மட்டும் வலமிருந்து இடமாக அடுக்கி, அரபு பயிலும் சிறுவனொருவனிடம் கொடுத்தேன். "கேட்பதற்கு முன்பே இவர் ஏன் பதில் சொல்கிறார்?" என்றான். ஒரு கட்டத்திலே இடப்புறம் நிற்பவர் "மணி என்ன?" என வினவ, வலப்புறம் நிற்பவர் "மூன்று" என்கிறார். அரபு வாசகனின் கண்ணோ வலப்புறக் குமிழியிலேயே முதலில் விழுகின்றது. குமிழிகளை மட்டும் இடம் மாற்றினால் அவற்றின் வால்கள் ஒன்றையொன்று வெட்டும்.

ஆகவே, கண்ணாடியிற் காண்பதுபோலப் பக்கம் முழுவதையும் புரட்டினேன். உரையாடல் ஒழுங்காயிற்று, சுவர்க்கடிகாரமோ ஒன்பது மணி காட்டிற்று! அதனை மீளப் புரட்டி ஒட்டினேன். அரபிலும் எண்கள் இடமிருந்தே எழுதப்படுவதால், வாகன இலக்கத்தையும் அவ்வாறே செய்தேன். "இடப்பக்கம் திரும்பு" என்றவரின் கை வலப்பக்கம் நீண்டமையால், அவர் வசனத்தைத் திருத்தினேன்.

எஞ்சியது, வலக்கையால் உண்டவர் இடக்கையால் உண்ணும் கட்டம். அரபு வாசகர் அதனை முறைகேடெனக் கொள்வர். அங்கு பேசுபவர் ஒருவரேயாதலால், அக்கட்டத்தை மூலத்திலுள்ளபடியே வைத்தேன். ஆயினும், முந்திய கட்டத்தில் மேசையின் வலப்புறம் இருந்தவர் இப்போது திடீரென இடப்புறம் தோன்றுகிறார். சிறுவன் அதனைக் கவனிக்கவில்லை. எனக்கு அது இன்னமும் உறுத்துகின்றது.