கம்பெனி மதிப்பு ஒரு கோடி... பணம் வருவதற்கு முன்பா, பின்பா?

தமிழக அரசின் ‘டான்சீட்’ விதைநிதிக்கு 3 சதவிகிதப் பங்கு என்பது முன்பே நிர்ணயித்த கணக்கு. தனியார் முதலீட்டாளரிடம் பேசித்தான் முடிவாகும்.

மதுரையில் சுங்குடிச் சேலைகளை ஆன்லைனில் விற்கும் ஒரு பெண், 25 லட்சம் ரூபாய் கேட்கத் தயாராகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘என் கம்பெனி மதிப்பு ஒரு கோடி’ என்கிறார். அது பணம் வருவதற்கு முன்பா, வந்த பிறகா?

முன்பு என்றால், பணமும் சேர்ந்து மதிப்பு 1.25 கோடி, அதில் 25 லட்சம் என்பது 20 சதவிகிதம். பிறகு என்றால், 25 சதவிகிதம்.

‘5 சதவிகிதம்தானே’ என்று விட முடியாது. அடுத்து வருபவருக்கும் 20 சதவிகிதம் கொடுத்தால், முதல் கணக்கில் அவர் கையில் 64 மிஞ்சும்; இரண்டாவதில் 60தான். அதனால், ‘முதலீட்டுக்கு முந்தைய மதிப்பு’ என்று எழுத்திலேயே சொல்லிவிட வேண்டும்.