வெள்ளைக் கூரையின் பகலும் இரவும்

கோலா தெர்லாவில் மேகம் விலகிய நண்பகலில், புதுத் துத்தநாகத் தகரம் வேய்ந்த கூரையின்மேல் கை வைக்க இயலாதபடி சூடேறியிருக்க, அதற்கு அடுத்த வீட்டில் வெள்ளைச் சாயம் பூசிய தகரம் இதமாக இருப்பது யாரும் அறிந்ததே. ஆனால் வானம் தெளிந்த இரவுக்குப் பின், விடியற்காலையில் அந்த வெள்ளைக் கூரையில்தான் பனித்துளி அதிகமாகத் திரண்டிருக்கிறது என்பது என் மனத்தை நெடுநாள் பிடித்து நிறுத்திய விஷயம். பகலில் உஷ்ணத்தை ஏற்க மறுக்கும் ஒரு பரப்பு, இரவில் மட்டும் அதை இவ்வளவு தாராளமாக வெளியேற்றுவானேன்?

நன்றாக உட்கவரும் பரப்பே நன்றாக உமிழும் என்று 1859-இல் ஹைடல்பர்க் நகரில் கிர்க்காஃப் நிறுவினார். எல்லாச் சுவர்களும் ஒரே உஷ்ணநிலையில் இருக்கும் மூடிய அறையொன்றில், அதே உஷ்ணநிலையுள்ள ஒரு தகட்டை வைத்தால், அது பெறுவதைவிடக் குறைவாகக் கொடுக்குமாயின் தானாகவே சுவரைவிடச் சூடேறிவிடும். சமமான சூட்டிலிருந்து வேற்றுமை தானே பிறப்பதை இயற்கை அனுமதிப்பதில்லை. ஒரே ஓர் அலைநீளத்தை மட்டும் புகவிடும் வடிகட்டியை இடையில் நிறுத்தினாலும் இந்தத் தர்க்கம் குலையாது. ஆகவே ஒவ்வோர் அலைநீளத்துக்கும் உட்கவர்திறனும் உமிழ்திறனும் தனித்தனியே சமம்.

அவரை இந்த எண்ணத்துக்கு இட்டுச் சென்றது உப்புப் போட்ட சுடர். மஞ்சளாய் எரியும் அச்சுடரின் வழியே கடும் சூரிய ஒளியைச் செலுத்தியபோது, சூரிய நிறமாலையில் முன்பே இருந்த கருங்கோடு, மஞ்சள் ஒளி சேர்ந்து மங்குவதற்கு மாறாக, மேலும் கறுத்தது. சுடர் தான் உமிழும் மஞ்சளையே கவர்ந்துகொண்டது. ஆனால் தன்னைவிட மிகச் சூடான சூரியனிடமிருந்து கவர்ந்த அளவுக்கு அதனால் ஈடுசெய்து உமிழ முடியவில்லை. சமமாவது திறனே, அளவு அன்று என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனையை நான் அறியேன்.

வெள்ளைக் கூரையின் மர்மம் இங்கே அவிழ்கிறது. சூரியன் ஏறக்குறைய 5,800 கெல்வினில் எரிவதால் அதன் ஒளி அரை மைக்ரானை ஒட்டிச் செறிந்திருக்கிறது. 300 கெல்வினில் உள்ள கூரையோ 10 மைக்ரானை ஒட்டிய கண்காணாக் கிரணங்களை உமிழ்கிறது. வெள்ளைச் சாயம் முன்னதில் சுமார் ஐந்தில் ஒரு பங்கையே கவரும். பின்னதிலோ கரும்பொருளின் உமிழ்வில் பத்தில் ஒன்பது பங்கை உமிழும். சதுர மீட்டருக்கு 900 வாட் வெயில் விழுந்தால் அது கவர்வது 180 வாட். உமிழ்வதோ 400-க்கு மேல். புதுத் தகரம் அதே வெயிலில் 600 வாட் அளவுக்குக் கவர்ந்தும், 100 வாட்டை ஒட்டியே உமிழ்வதால், தன் சூட்டைத் தன்னிடமே தேக்கிக்கொள்கிறது. இரண்டு எண்களும் இரு வேறு அலைநீளங்களுக்கு உரியவையாதலால், அவை வேறுபடுவதில் விதிக்கு எந்தப் பங்கமும் இல்லை. கரிச் சாயம் இரு பகுதிகளிலும் ஒரேபடியாகக் கவர்வதால், அதற்கு வெயிலிலும் சமன்பாடு பொருந்தும். இரவிலோ கறுப்பும் வெளுப்பும் ஏறக்குறைய ஒரேபோல் குளிர்ந்து, ஒரேபோல் பனி கொள்ளும்.

இதைச் சோதிக்க விரும்புவோர் மூடுபனி இரவைத் தவிர்க்க வேண்டும். கூரையின் உஷ்ணநிலையிலேயே நிற்கும் அடர்ந்த மூடுபனி, கூரை உமிழ்வதற்கு ஈடாகத் தானும் உமிழ்ந்து, கிர்க்காஃப்பின் மூடிய அறையாகவே ஆகிவிடுவதால், அன்று எந்தச் சாயம் பூசிய தகரமும் மற்றொன்றைவிடக் குளிர்வதில்லை.